நாள் முழுக்க நின்ற கால்களுக்கு: சுவரில் கால் வைப்பதும் படுக்கைக்கு முன் உடலைத் தளர்த்துவதும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளிலும் அயர்ன் டேபிளிலும் நிற்கிறவர்கள் எங்கள் சாயங்கால வகுப்புக்கு வந்தால் முதலில் காட்டுவது கணுக்காலைத்தான். செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறையாது. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். உடம்பு அசந்து கிடக்கும், ஆனால் தூக்கம் வராது. "ஏனுங்க, செவுத்துல காலைத் தூக்கி வெச்சாச் சரியாப் போயிருங்களா?" என்று கேட்பார்கள். யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்திருப்பார்கள்.

சரியாகும், ஓரளவுக்கு. ஆனால் எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. படுக்கப் போகும் அந்த நிமிடத்தில் கால் மணி நேரம் சுவரில் கால் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களில் பலர், நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரத்தில் வந்து சொல்வார்கள். காலை உயர்த்தி வைப்பது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, காலில் தேங்கிய நீரை இறக்குவது. இன்னொன்று, உடலை அமைதிப்படுத்துவது. முதல் வேலையைச் சாயங்காலமே முடித்துவிட்டு, இரண்டாவதை மட்டும் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிவினையைப் பற்றியதுதான். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உட்கார்ந்து பவர்டேபிள் தைக்கிறவர்களுக்கு இடுப்பும் தோளும்தான் பெரிய பிரச்சினை. அவர்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும்.

நின்ற காலில் என்ன நடக்கிறது

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருப்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஏறின தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் அது தாங்கிப் பிடிக்கும். காலில் உள்ள சிரைகளிலும் அதே மாதிரி வால்வுகள் இருக்கின்றன. மோட்டாரின் வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் மோட்டார் ஓடாது. அப்போது கணுக்கால் அருகே சிரைக்குள் இருக்கும் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போய்விடும். பத்து எட்டு நடந்தாலே அது 30க்கும் கீழே இறங்கும். சோமனூர், மங்கலம் பக்கம் தறி ஓட்டுகிறவர் ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு நடந்துகொண்டாவது இருப்பார். அயர்ன் போடுகிறவருக்கு அதுவும் இல்லை.

அழுத்தம் மணிக்கணக்கில் அப்படியே நின்றால் ரத்தத்தில் உள்ள நீர் மெல்லக் கசிந்து சதைக்கும் தோலுக்கும் நடுவில் தங்கும். அதுதான் கணுக்கால் வீக்கம். படுத்ததும் அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் திரும்புகிறது. இதயத்துக்கு வரும் ரத்தம் கூடுகிறது. இதயத்தின் மேலறைச் சுவர் விரிவதை உணர்ந்து உடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்திடம் 'உப்பையும் நீரையும் வெளியே அனுப்பு' என்று சொல்கிறது. நடுராத்திரி எழுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும். காலை உயர்த்துவதால் இந்த வேலை வேகமாக நடக்கிறது. அதனால் படுப்பதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே காலை உயர்த்திவிட்டால் அந்த நீர் விழித்திருக்கும்போதே வெளியேறிவிடும்.

அதே நேரத்தில், இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும்போது கழுத்திலும் நெஞ்சுக்கு மேலேயும் உள்ள பெரிய தமனிகளில் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் விழித்துக்கொள்கின்றன. 'அழுத்தம் போதும், இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கலாம்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. சுவரில் கால் வைத்துச் சில நிமிடங்களில் மூச்சு தானாகவே நீள்வதற்கு இதுவும், தரையில் முதுகு முழுசாகத் தாங்கப்படுவதும் சேர்ந்தே காரணம்.

யார் செய்யக் கூடாது

இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் சுவர்ப் பக்கமே போகாதீர்கள், தேய்த்தும் விடாதீர்கள். உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இதயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் செய்ய வேண்டாம். கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவர்களும், விழித்திரைக்குச் சிகிச்சை எடுத்தவர்களும் இடுப்புக்கு அடியில் எதையும் வைத்து உயர்த்தக் கூடாது. கர்ப்பிணிகள் ஐந்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நீண்ட நேரம் படுக்கக் கூடாது. குழந்தையின் எடை பெரிய சிரையை அழுத்தித் தலைசுற்ற வைக்கும். அவர்கள் இடது பக்கம் சாய்ந்து படுத்து, கால்களுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் போதும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடும் ஆட்களும் சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் முதலில் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் காலை உயர்த்தினால் வலி கூடலாம்.

சுவரில் கால் வைப்பது: ஒவ்வொரு படியாக

சாப்பாட்டுக்கு முன்னால் செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் இரண்டு மணி நேரம் போகட்டும், இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல் வரும். முதலில் சுவரைத் தேட வேண்டும். லைன் வீட்டில் ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் கட்டில், மிச்சச் சுவரில் சாமி படம். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு அந்தக் கதவையே சுவராக வைத்துக்கொள்ளலாம். தாழ் போடாமல் மட்டும் செய்யாதீர்கள்.

தரையில் கோரைப்பாய், அதன்மேல் ஒரு போர்வை விரியுங்கள். வெறும் டைல்ஸ் தரை மார்கழியில் மட்டுமல்ல, எப்போதுமே முதுகைச் சில்லிட வைத்து இறுக்கும். சுவரைப் பார்த்து நேராக உட்கார்ந்து காலைத் தூக்க முயலாதீர்கள். எல்லோரும் திணறுவது அங்கேதான். சுவருக்குப் பக்கவாட்டில், வலது இடுப்பு சுவரைத் தொடுகிற மாதிரி முழங்காலை மடக்கி உட்காருங்கள். இடது முழங்கையை ஊன்றி மெதுவாகச் சாய்ந்துகொண்டே உடலைத் திருப்பி, இரண்டு கால்களையும் சுவர்மேல் ஏற்றுங்கள். முதுகு தரையில் படிந்ததும் இடுப்பை வசதிப்படி சரிசெய்துகொள்ளலாம்.

சுவருக்கும் இடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்கு ஒரே அளவு கிடையாது. தொடைக்குப் பின்னால் உள்ள சதை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அதைப் பொறுத்தது. நாள் முழுக்க நிற்கிறவர்கள் ஒரு முழம் தள்ளித் தொடங்குவது நல்லது. இடைவெளி போதவில்லை என்பதை மூன்று அடையாளங்களால் கண்டுபிடிக்கலாம். வால் எலும்புப் பகுதி தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும், முழங்கால் தானாக மடங்கும், அல்லது தொடையின் பின்பக்கம் விண்ணென்று இழுக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இன்னும் கொஞ்சம் பின்னால் வாருங்கள். கால் செங்குத்தாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை, சாய்வாக இருந்தாலும் நீர் இறங்கும். வீடியோவில் வருகிற மாதிரி சுவரோடு ஒட்டிப் படுத்தால் சதை இழுபடும் வேதனையில் உடல் தளர்வதற்குப் பதிலாக விறைத்துக்கொள்ளும்.

இடுப்புக்கு அடியில் வைக்கத் தனியாக யோகா மெத்தை வாங்க வேண்டாம். வீட்டில் பவானி ஜமுக்காளம் ஒன்று இருந்தால் அதை நாலு விரல் உயரத்துக்கு மடித்து வையுங்கள். அது அழுத்தினாலும் அமுங்காது என்பதுதான் அதன் சிறப்பு. இடுப்பு எலும்புக்கு அடியில் வைக்க வேண்டும். இடுப்பு வளைவுக்கு அடியில் வைத்தால் முதுகு வில் மாதிரி வளைந்து மறுநாள் வலிக்கும். முதல் வாரம் ஜமுக்காளமே வேண்டாம், விரித்த பாயிலேயே இடுப்பை உயர்த்தாமல் பழகிக்கொள்ளுங்கள். தலைக்கு மெல்லியதாக மடித்த துண்டு ஒன்று. மோவாய் மேலே தூக்கியபடி இருந்தால் துண்டை இன்னும் ஒரு மடிப்பு கூட்டலாம்.

கால்கள் பக்கவாட்டில் விழுந்துகொண்டே இருந்தால் தொடையைச் சுற்றி ஒரு துண்டை லேசாகக் கட்டிவிடுங்கள். காலைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் துண்டு பார்த்துக்கொள்ளும், தொடை ஓய்வெடுக்கும். கைகள் உடலிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை மேலே பார்த்து இருக்கட்டும். போன் கையில் இருக்கக் கூடாது. கையைத் தூக்கிப் பிடித்தாலே தோள் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

முதல் மூன்று நிமிடங்கள் கணுக்காலை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், பாதத்தைச் சுழற்றுங்கள். இது நீரை இறக்கும் வேளை என்பதால் கெண்டைக்காலுக்குக் கொஞ்சம் வேலை கொடுப்பது நல்லதுதான். அப்புறம் அசைவை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனியுங்கள். மொத்தம் 10 நிமிடம் போதும். 15க்கு மேல் போவதில் பெரிய லாபம் எதையும் நான் பார்த்ததில்லை.

சில நிமிடங்களில் பாதம் மரத்துப்போவதாகப் பலர் பயப்படுகிறார்கள். இதயத்துக்கு மேலே பாதம் இருப்பதால் ரத்தம் அங்கே ஏறுவதற்கான அழுத்தம் குறைகிறது. கூடவே காலின் பின்பக்க நரம்பும் இழுபடுகிறது. முழங்காலை மடக்கிப் பாதங்களைச் சுவரில் பதித்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். மடக்கியும் போகவில்லை என்றாலோ, இடுப்பிலிருந்து கால் விரல் வரை மின்சாரம் மாதிரி ஒரு கோடு ஓடினாலோ இறங்கிவிடுங்கள். இப்படி ஆகிறவர்களுக்குச் சுவரைவிட நாற்காலி நல்லது. தரையில் படுத்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்காலை மட்டும் நாற்காலிமேலோ கட்டில்மேலோ வைக்க வேண்டும். மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்.

இறங்கும்போது அவசரம் கூடாது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு, அப்படியே ஒரு நிமிடம் கிடந்து, கையை ஊன்றி உட்காருங்கள். தலை கடைசியாக எழட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுத்து எழுந்திருங்கள்.

எது தளர்த்தும், எது எழுப்பும்

கொங்குப் பக்கம் ஆழியாறு வழியாக வந்த மனவளக்கலைப் பயிற்சி பலருக்குப் பழக்கம். காலையில் நேரமில்லாதவர்கள் அதை இரவு ஒன்பது பத்து மணிக்குச் செய்கிறார்கள். அதில் கைப்பயிற்சியும் கபாலபதியும் உண்டு, கடைசியில் உடல் தளர்த்தலும் உண்டு. முழு வரிசையையும் இரவில் செய்தால் முன்பாதி உடலை எழுப்பும், பின்பாதி தூங்க வைக்கப் பார்க்கும். இரவுக்குக் கடைசிப் பகுதி மட்டும் போதும். மற்றவை காலைக்கோ சாயங்காலத்துக்கோ உரியவை.

முன்னால் குனிந்தால் தூக்கம், பின்னால் வளைந்தால் விழிப்பு என்று யோகா வகுப்புகளில் ஒரு சூத்திரம் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் காரணம் வேறு. புஜங்காசனத்திலும் தனுராசனத்திலும் முதுகுச் சதை உடலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, நெஞ்சு விரிந்து மூச்சு உள்ளே இழுபடுகிறது. அதனால்தான் விழிப்பு. அதே பின்வளைவைத் தலையணைமேல் சாய்ந்து, எந்தச் சதையும் வேலை செய்யாமல் செய்தால் அது தளர்த்தும். விறைத்த தொடையோடு பல்லைக் கடித்துக்கொண்டு கால் விரலைப் பிடிக்கக் குனிகிறவருக்கு முன்வளைவும் தூக்கத்தைத் தராது. எந்தத் திசையில் வளைகிறோம் என்பதைவிட உழைக்கிறோமா, தாங்கப்படுகிறோமா என்பதைப் பாருங்கள்.

அடுத்தது வேகம். சதைக்குள் நீளத்தை அளக்கும் சிறு உறுப்புகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை 'சதை கிழியப்போகிறது' என்று எடுத்துக்கொண்டு அதைச் சுருங்கச் சொல்லும். மருத்துவர் முழங்காலில் சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுவதும் இதே வழியில்தான். ஆட்டி ஆட்டி நீட்டினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சின்னத் துள்ளல் உள்ளே நடக்கிறது. மெதுவாகப் போய், இழுவை லேசாகத் தெரிந்த இடத்தில் நின்று 30 விநாடி காத்திருந்தால் அந்த எச்சரிக்கை அடங்கும்.

மூச்சும் அப்படித்தான். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் நீங்களே உணரலாம். ஆகவே நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது இரவுக்குப் பொருந்தும். கபாலபதி, பஸ்திரிகா மாதிரி வயிற்றை வேகமாக இடிக்கும் மூச்சுகள் எழுப்பும். மூச்சை உள்ளே அடக்கி வைப்பதும் இரவில் வேண்டாம்.

கடைசியாகச் சூடு. தூக்கம் வரும்போது உடலின் உள்சூடு இறங்க வேண்டும். கை கால் தோலில் ரத்தம் பாய்ந்து வெப்பம் வெளியேறினால்தான் அது இறங்கும். சூரிய நமஸ்காரத்தை வேகமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்றுப் போட்டால் உள்சூடு ஏறிவிடும், இறங்க நேரமாகும். சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தால் தூக்கத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. படுப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்வதுதான் தொந்தரவு. ஒற்றைக் காலில் நிற்பது, தண்டால், ஸ்குவாட், வீரபத்ராசனம் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

செய்து முடித்து ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். பாதமும் உள்ளங்கையும் வெதுவெதுப்பாக இருந்து, கொட்டாவி வந்து, எச்சில் சுரந்தால் சரியான பயிற்சி. காதுக்குள் துடிப்புக் கேட்டால், நெற்றி வியர்த்தால், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக நினைவுக்கு வந்தால் அன்றைக்குச் செய்தது காலைப் பயிற்சி. எதைக் கூட்டினோம், எதை வேகமாகச் செய்தோம் என்று பார்த்து மறுநாள் அதை விடுங்கள்.

படுக்கைக்கு முன் 12 நிமிடம்

விளக்கைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். நின்று செய்ய வேண்டியது முதலில் வரும், அப்புறம் படிப்படியாகத் தரைக்கு இறங்குகிறோம். திரும்ப எழுந்து நிற்க வேண்டாத மாதிரிதான் இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

முதலில் கெண்டைக்கால். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்காலின் குதிகால் தரையில் அழுந்த, முழங்கால் நேராக, 30 விநாடி. பிறகு அதே காலின் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலைத் தூக்காமல் இன்னும் 30 விநாடி. நேராக இருக்கும்போது மேல் கெண்டைச் சதை நீளும், மடக்கும்போது உள்ளே ஆழத்தில் இருக்கும் சதை நீளும். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இறுகிக் கிடப்பது அந்த உள்சதைதான், அதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் இழுவை தப்பிவிடும், விரல்கள் சுவரை நேராகப் பார்க்கட்டும்.

ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக் கத்தி எழுகிறவர்கள் இந்த ஒரு நீட்டலை மட்டுமாவது விடக் கூடாது. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் ஆறு வாரம் நீட்டியவர்களுக்கு இந்தப் பிடிப்பு குறைந்தது. அது சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. செலவில்லாதது, செய்து பார்க்கலாம்.

அடுத்து படுக்கையிலோ பாயிலோ உட்கார்ந்து, வலது பாதத்தை இடது தொடைமேல் போட்டு, கைவிரல்களைக் கால் விரல்களுக்கு நடுவே கோத்துப் பாதத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். பக்கத்துக்கு எட்டுச் சுற்று. நாள் முழுக்கச் செருப்புக்குள் ஒட்டிக் கிடந்த விரல்கள் விரிவது ஒருவித சுகம், அதை அவசரப்படுத்த வேண்டாம்.

பிறகு மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மட்டும் நெஞ்சை நோக்கிக் கொண்டுவந்து தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கி அணைக்க வேண்டாம், கையின் எடையே இழுக்கட்டும். ஆறு நீண்ட மூச்சு, அப்புறம் அடுத்த கால். நின்று நின்று உள்வளைந்த இடுப்பு இதில்தான் முதலில் தரையைத் தொடும்.

அதே நிலையில் வலது கணுக்காலை இடது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, தொடையில் வைத்து, இடது தொடையை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். புட்டத்தின் வெளிப்பக்கம் இழுவை தெரியும். பக்கத்துக்கு 45 விநாடி. முழங்காலில் வலித்தால் கையை விட்டு, பாதத்தைத் தரையிலேயே வைத்துச் செய்யலாம்.

அதன் பிறகு திருகல். முழங்கால்களை மடக்கி ஒரு பக்கம் சாய்த்து, கீழ்க்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். தலையணை இல்லாவிட்டால் கால்கள் அந்தரத்தில் தொங்கும், இடுப்பு விடாது. தோள் இரண்டும் தரையில் படிய, பக்கத்துக்கு ஒரு நிமிடம். 'டக்' என்று சொடக்கு விழ வேண்டும் என்று முறுக்காதீர்கள்.

கடைசியாகப் பாதங்களை ஒட்டி முழங்கால்களை இரு பக்கமும் விழவிட்டு, ஒவ்வொரு முழங்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை. கை ஒன்று வயிற்றில். நாலுக்கு ஆறு மூச்சு இங்கேதான், மூன்று நிமிடம். வயிறு எழுவதும் இறங்குவதும் கைக்குத் தெரிய வேண்டும். இதிலேயே கண் சொக்கினால் காலை நீட்டிப் படுத்துவிடுங்கள். காலை உயர்த்தும் ஆசை இருந்தால் இந்த நேரத்தில் சுவர் வேண்டாம், முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தாலே முதுகுக்குப் போதும். சாயங்காலமே காலை உயர்த்தி நீரை இறக்கியவர்களும், காலில் வீக்கமே இல்லாதவர்களும் ஐந்து நிமிடம் சுவரில் வைத்துக்கொள்ளலாம், நடுவில் எழுந்திருக்க வேண்டியிருக்காது.

ஒரு கால அட்டவணை

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். வயது ஐம்பதுக்குப் பக்கம், செக்கிங் வேலை. ஆர்டர் அவசரமாக இருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். முன்பு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பத்து மணிக்குப் போனைப் பார்த்து வேகமாகச் சூரிய நமஸ்காரம், பத்தேகாலுக்குச் சுவரில் கால், பதினொன்றுக்குப் படுக்கை. நள்ளிரவு வரை தூக்கம் வராது, வந்தால் இரண்டு தடவை எழுந்திருப்பார். சர்க்கரையோ கிருமித்தொற்றோ இருக்கலாம் என்று முதலில் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னோம். இரண்டும் இல்லை என்று வந்தது.

மாற்றியது வரிசையைத்தான். ஒற்றை ஷிப்ட் நாளில் ஆறரை மணிக்கு வீடு. கைகால் கழுவியதும் சாப்பாட்டுக்கு முன் சுவரில் 10 நிமிடம். எட்டு மணிக்குச் சாப்பாடு. பத்தேகாலுக்கு மேலே சொன்ன 12 நிமிடம், பத்தரைக்குப் படுக்கை. சூரிய நமஸ்காரம் ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் போய்விட்டது.

ஒன்றரை ஷிப்ட் நாளில் ஒன்பது மணிக்குத்தான் வருவார். குக்கரை அடுப்பில் ஏற்றி, சத்தம் வரும் வரை காத்திருக்கும் நேரம் அவருக்குச் சுவர் நேரம். விசிலுக்கு எழும்போதும் உருண்டு, பொறுத்து, உட்கார்ந்துதான் எழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவசரம் என்றால் அடுப்பை அணைக்க மகளைக் கூப்பிடுவார். ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்தே முக்காலுக்குக் கெண்டைக்கால், முழங்கால், திருகல் மூன்று மட்டும், பதினொன்றுக்குப் படுக்கை. சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் பெரிய சொம்புத் தண்ணீரை ஒரு டம்ளராகக் குறைத்தார். பகலில் குடிப்பதைக் குறைக்கவில்லை. ஆறரை மணி பிரேக்கில் குடிக்கும் டீயை விட்டுவிடச் சொன்னேன், அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

கம்பெனியிலும் ஒரு வேலை சேர்த்தோம். டீ பிரேக்குக்கு மணி அடித்ததும் டேபிளைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குவது, அப்புறம் கேன்டீன் வரை நடப்பது. வீக்கம் ஏறாமல் பார்ப்பதில் இரவில் சுவர் செய்வதைவிட இது அதிகம் செய்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டு மூன்று வாரத்தில் இரவு எழுந்திருப்பது பெரும்பாலும் ஒரு தடவையாகக் குறைந்தது. செருப்புத் தடம் காலைக்குள் மறைகிறது, ஒன்றரை ஷிப்ட் தொடர்ந்து வரும் வாரத்தில் மறுபடி தங்கும். முழங்காலுக்குப் பின்னால் புடைத்து நிற்கும் நரம்புச் சுருட்டல் அப்படியேதான் இருக்கிறது. தளர்ந்துபோன வால்வை எந்த ஆசனமும் இறுக்காது. அதற்கு அழுத்தக் காலுறை போடலாமா, வேறு சிகிச்சை தேவையா என்று கேட்க அவரை ரத்தக்குழாய் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். உறை போட்டாலும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, கால் வற்றியிருக்கும்போதே போட வேண்டும். வேலைக்குப் போய் வீங்கிய பிறகு போட்டால் ஏறவும் ஏறாது, ஏறினால் மடிப்பு விழுந்து இறுக்கும்.